இருபடிச் சார்பின் வரைபடம்: சமச்சீர் அச்சிலிருந்து தொடங்கி வரைவது எப்படி

y = 2x² − 5x − 3 என்ற சமன்பாட்டுக்கு வரைபடம் வரையச் சொன்னால், புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணை போடுவார்கள். x-க்கு −3 முதல் 3 வரை முழு எண்களைக் கொடுத்து y கணக்கிடுவார்கள். வரிசையாக 30, 15, 4, −3, −6, −5, 0 என்று விடை வரும். கணக்கு சரிதான். ஆனால் இந்த ஏழு எண்களை மட்டும் வைத்து வரைந்தால் என்ன ஆகும்? வளைவரை x = 1-இல் திரும்புவதாகத் தோன்றும்; உண்மையில் அங்கே திரும்புவதில்லை. x அச்சை 3-இல் வெட்டுவது தெரியும்; இடப்பக்கம் எங்கே வெட்டுகிறது என்பது −1-க்கும் 0-க்கும் நடுவில் எங்கோ மறைந்திருக்கும். y = 30, y = 15 என்ற இரண்டு புள்ளிகளுக்காகத் தாளின் ஏறக்குறைய முக்கால் பங்கு வீணாகும். வலப்பக்கக் கையோ 3-உடன் பாதியில் நின்றுவிடும்.

அட்டவணை தப்பான முறை அல்ல. எந்த x-களுக்கு மதிப்புக் கணக்கிட வேண்டும் என்பதை அது சொல்லாது, அவ்வளவுதான். அதைச் சமன்பாடே சொல்லும். வளைவரை எந்தச் செங்குத்துக் கோட்டைச் சுற்றிச் சமச்சீராக இருக்கிறது, எங்கே திரும்புகிறது, அச்சுகளை எங்கே வெட்டுகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் நான்கைந்து புள்ளிகளிலேயே சரியான பரவளையம் வந்துவிடும். இதே சமன்பாட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

வரிசையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பலரும் மூலங்களைக் கண்டுபிடிப்பதில்தான் தொடங்குகிறார்கள். காரணிப்படுத்த வரவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். சமச்சீர் அச்சில் தொடங்குவதே நல்லது. மெய் மூலங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சமச்சீர் அச்சு இல்லாத இருபடிச் சார்பு கிடையாது. மேலும் அதைக் காண ஒரே ஒரு வகுத்தல் போதும்.

படி 1: a, b, c மூன்றையும் குறியோடு எழுதுங்கள்

சமன்பாட்டை y = ax² + bx + c என்ற வடிவத்தோடு ஒப்பிட்டு, மூன்று கெழுக்களையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். நம் சமன்பாட்டில் a = 2, b = −5, c = −3. கழித்தல் குறி அந்த எண்ணோடு ஒட்டியது; அதை விட்டுவிட்டு b = 5 என்று எழுதினால் வளைவரை முழுவதும் y அச்சின் மறுபக்கம் போய்விடும். உறுப்புகள் வரிசை மாறி வந்திருந்தால், எடுத்துக்காட்டாக y = 7 − x² + 4x என்று இருந்தால், முதலில் y = −x² + 4x + 7 என்று மாற்றி எழுதிவிட்டுப் பிறகு கெழுக்களை எடுங்கள். இங்கே a = −1. x²-க்கு முன்னால் எண் எதுவும் இல்லாததால் a = 0 என்று எழுதுவோரும் உண்டு. a = 0 என்றால் அது இருபடிச் சார்பே அல்ல, நேர்கோடு.

a நேர்மமாக இருந்தால் வளைவரை மேல்நோக்கித் திறக்கும், அது திரும்பும் இடமான முனைதான் மிகத் தாழ்ந்த புள்ளி. a குறையெண்ணாக இருந்தால் கீழ்நோக்கித் திறக்கும், முனையே மிக உயர்ந்த புள்ளி. நம் a = 2, ஆகவே மேல்நோக்கித் திறக்கிறது. இதைத் தாளின் மூலையில் ஒரு சின்ன வளைவாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

படி 2: சமச்சீர் அச்சு

சூத்திரம் x = −b/(2a). இது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. y = 2x² − 5x − 3-இல் −3-ஐ ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள்: 2x² − 5x = x(2x − 5). இது x = 0 ஆகும்போதும் பூச்சியம், x = 5/2 ஆகும்போதும் பூச்சியம். ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் y-இன் மதிப்பு வெறும் −3. அதாவது (0, −3), (2.5, −3) இரண்டும் வளைவரையின் மேல் ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகள். சமச்சீர் அச்சு அவற்றின் நட்டநடுவே போக வேண்டும்: 0-க்கும் 2.5-க்கும் நடுவில், x = 1.25.

பொதுவாகச் சொன்னால் x(ax + b) என்பது 0-இலும் −b/a-இலும் பூச்சியமாகிறது, நடுப்புள்ளி −b/(2a). கூடவே இன்னொன்றும் கையில் கிடைத்துவிட்டது. y அச்சை வெட்டும் புள்ளி (0, c) என்றால், அதன் இணைப் புள்ளி (−b/a, c). இந்த இரண்டையும் கணக்குப் போடாமலே குறித்துவிடலாம்.

குறிகளில்தான் அதிகத் தவறு நேர்கிறது. b = −5 என்பதால் −b = +5. கீழே 2a = 4. ஆகவே x = 5/4. மனத்துக்குள்ளேயே போடாமல் இந்த மூன்றையும் மூன்று வரியாக எழுதுங்கள். கால்குலேட்டரில் போடும்போது 5 ÷ 2 × 2 என்று அழுத்தினால் 5 என்று விடை வரும். முதலில் 2-ஆல் வகுத்து உடனே 2-ஆல் பெருக்கிவிடுவதால் இப்படி ஆகிறது. 5 ÷ (2 × 2) என்று அடைப்புக்குறி போட வேண்டும்.

தாளில் x = 1.25-இல் ஒரு செங்குத்துப் புள்ளிக்கோடு போடுங்கள். சமச்சீர் அச்சு ஒரு கோடு, ஆகவே அதன் சமன்பாட்டை x = 1.25 என்று முழுதாக எழுத வேண்டும், வெறும் 1.25 என்று எழுதினால் அது எண் மட்டுமே.

படி 3: முனை

முனை சமச்சீர் அச்சின் மேல்தான் இருக்கிறது. ஆகவே x = 5/4-ஐ மூலச் சமன்பாட்டில் பிரதியிட்டால் அதன் உயரம் கிடைக்கும்.

y = 2 × (5/4)² − 5 × (5/4) − 3
= 2 × 25/16 − 25/4 − 3
= 25/8 − 50/8 − 24/8
= −49/8 = −6.125

முனை (1.25, −6.125). அட்டவணையில் வந்த மிகச் சிறிய மதிப்பு −6. உண்மையான தாழ்ந்த புள்ளி அதைவிடச் சற்றுக் கீழே, சற்று வலப்பக்கம் இருக்கிறது.

இந்தப் படியில் வழக்கமாக நேரும் ஒரு தவறை நெருக்கமாகப் பார்ப்பது நல்லது. 2 × (5/4)² என்பதில் முதலில் 5/4-ஐ வர்க்கப்படுத்தி, பிறகு 2-ஆல் பெருக்க வேண்டும். அவசரத்தில் 2-ஐயும் சேர்த்து வர்க்கப்படுத்திவிட்டால் (5/2)² = 25/4 என்று ஆகும். அப்போது y = 25/4 − 25/4 − 3 = −3 என்று வரும். பார்க்க ஒழுங்கான விடைதான். ஆனால் (0, −3) ஏற்கெனவே வளைவரையின் மேல் இருக்கிறது. முனையின் உயரத்தில் வேறெந்தப் புள்ளியும் இருக்க முடியாது. அந்த உயரத்தை வளைவரை ஒரே ஒருமுறைதான் தொடும். ஆகவே முனையின் y மதிப்பு c-க்குச் சமமாக வந்தால், b = 0 ஆக இருந்தாலொழிய, கணக்கில் பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

பின்னங்களோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் y = c − b²/(4a) என்றும் கணக்கிடலாம். −3 − 25/8 = −49/8, அதே விடை. இரண்டு வழியிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் சந்தேகம் இருக்காது.

படி 4: மூலங்கள்

வளைவரை x அச்சை வெட்டும் இடத்தில் y = 0. ஆகவே 2x² − 5x − 3 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். பெருக்கற்பலன் 2 × (−3) = −6 ஆகவும், கூடுதல் −5 ஆகவும் வரும் இரண்டு எண்கள் −6, +1. நடு உறுப்பைப் பிரித்தால்:

2x² − 6x + x − 3 = 2x(x − 3) + 1(x − 3) = (2x + 1)(x − 3)

x − 3 = 0 என்றால் x = 3. 2x + 1 = 0 என்றால் x = −1/2. காரணியில் தெரியும் எண்ணை அப்படியே மூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு காரணியையும் பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் தீர்த்தால் குறியும் சரியாக வரும், 2-ஆல் வகுக்கவும் மறக்காது. வெட்டும் புள்ளிகள் (−0.5, 0), (3, 0).

இப்போது சமச்சீர் அச்சு பயன்படும் இடம் வருகிறது. இரண்டு மூலங்களின் நடுப்புள்ளி (−0.5 + 3)/2 = 1.25. படி 2-இல் கிடைத்த அதே எண். இது ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு குறி தவறிவிட்டது. கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

காரணிப்படுத்தவே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. புதியவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். முனையிலிருந்து பக்கவாட்டில் d தூரம் நகர்ந்தால், வளைவரையின் உயரம் a × d² அளவு மாறும். எல்லா இருபடிச் சார்புக்கும் இது பொருந்தும். நம் முனை x அச்சுக்கு 6.125 அலகு கீழே இருக்கிறது. அச்சைத் தொட 6.125 மேலேற வேண்டும். ஆகவே 2 × d² = 6.125, d² = 3.0625, d = 1.75. சமச்சீர் அச்சிலிருந்து இருபுறமும் 1.75 நகர்ந்தால் 1.25 − 1.75 = −0.5, 1.25 + 1.75 = 3. மூலங்கள் வந்துவிட்டன. இருபடிச் சூத்திரம் செய்வதும் இதையேதான்: அதில் −b/(2a) என்ற பகுதி சமச்சீர் அச்சு, ± குறிக்குப் பின்னால் வரும் √(b² − 4ac)/(2a) என்ற பகுதி அச்சிலிருந்து மூலங்கள் வரையுள்ள தூரம். இங்கே b² − 4ac = 25 + 24 = 49, அதன் வர்க்கமூலம் 7, 7/4 = 1.75.

படி 5: வரைதல்

கையில் ஐந்து புள்ளிகள் இருக்கின்றன: முனை, y அச்சை வெட்டும் புள்ளி, அதன் இணை, இரண்டு மூலங்கள். ஐந்தும் x அச்சிலோ அதற்குக் கீழேயோதான் உள்ளன. கைகள் மேலே எப்படிப் போகின்றன என்று தெரிய இன்னும் ஒரு சோடி வேண்டும். x = 4 எடுத்தால் y = 32 − 20 − 3 = 9. இது சமச்சீர் அச்சிலிருந்து 2.75 தூரத்தில் இருக்கிறது; மறுபக்கம் அதே தூரத்தில் x = −1.5. அங்கேயும் y = 9. இரண்டாவது புள்ளிக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை, பிரதிபலிப்பு போதும்.

இந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகு அச்சுகளின் அளவுத்திட்டத்தை முடிவு செய்யுங்கள். x-க்கு −2 முதல் 5 வரை, y-க்கு −7 முதல் 10 வரை போதும். x அச்சில் 2 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 1 அலகு என்று எடுத்தால் 14 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எடுத்ததைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். y அச்சைச் சுருக்கினால் பரவளையம் அகன்று தெரியும், நீட்டினால் ஒடுங்கித் தெரியும். ஆகவே படத்தின் அகலத்தைக் கண்ணால் பார்த்து a-இன் மதிப்பை ஊகிக்கக் கூடாது.

முனைக்கு அருகில் கை தடுமாறும். மூலங்களையும் முனையையும் மட்டும் குறித்துவிட்டு இணைத்தால் V போன்ற கூர்மை வந்துவிடும். அதைத் தவிர்க்க, மேலே சொன்ன a × d² விதியை வைத்து முனையை ஒட்டி ஒரு சோடிப் புள்ளிகளைப் போடுங்கள். d = 1 என்றால் உயரம் 2 × 1 = 2 கூடும்: (0.25, −4.125), (2.25, −4.125). d = 0.5 என்றால் 2 × 0.25 = 0.5 மட்டுமே கூடும். அரை அலகு பக்கவாட்டில் போய் அரை அலகுதான் ஏறுகிறது. அடுத்த அரை அலகில் ஒன்றரை ஏறிவிடுகிறது. முனையில் வளைவரை கணநேரம் கிடைமட்டமாக இருந்து, போகப்போகச் செங்குத்தாகிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

பென்சிலை முனையில் வைத்து, முதலில் கிடைமட்டமாகச் சற்று நகர்த்தி, பிறகு மேலே திருப்புங்கள். ஒரு பக்கத்தை முழுதாக வரைந்துவிட்டு, தாளைத் திருப்பிக்கொண்டு மறுபக்கத்தை வரைந்தால் மணிக்கட்டு இயல்பாக வளையும். கைகள் மேலே போகப்போக விலகிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்துக்கு மேல் இரண்டும் இணையாக நேராகப் போவதும், உள்நோக்கி மடிவதும் தவறு. பரவளையத்தின் கை எவ்வளவு செங்குத்தாகத் தோன்றினாலும் பக்கவாட்டு நகர்வு நிற்பதே இல்லை. கடைசிப் புள்ளியைத் தாண்டிச் சிறிது நீட்டி, நுனியில் அம்புக்குறி போட்டால் வளைவரை தொடர்கிறது என்பது புரியும்.

தோராய வரைபடம் மட்டும் கேட்டிருந்தால் அளவுத்திட்டம் தேவையில்லை. ஆனால் முனை, மூலங்கள், y அச்சை வெட்டும் புள்ளி ஆகியவற்றின் ஆயத்தொலைவுகளைப் படத்திலேயே எழுத வேண்டும், சமச்சீர் அச்சைப் புள்ளிக்கோடாகக் காட்டிப் பெயரிட வேண்டும். முனை y அச்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும். நம் படத்தில் அது வலப்பக்கம். வளைவரை y அச்சை −3-இல் வெட்டிய பிறகும் இறங்கிக்கொண்டே போய், அதற்கப்புறம்தான் திரும்புகிறது. y அச்சின் மேலேயே முனையை வைத்துவிடுவது மிகப் பரவலான பிழை; b = 0 ஆக இருந்தால் மட்டுமே அது சரி.

மூலங்கள் அழகாக வராதபோது

காரணிப்படுத்த முடியாத ஒரு சமன்பாட்டைப் பார்ப்போம்: y = −x² + 4x − 1. a = −1, b = 4, c = −1. கீழ்நோக்கித் திறக்கும். −b = −4, 2a = −2, ஆகவே சமச்சீர் அச்சு x = 2. முனையின் உயரம் −(2)² + 8 − 1 = −4 + 8 − 1 = 3. இங்கே −x² என்பதை −(x²) என்றே படிக்க வேண்டும். −2-ஐ வர்க்கப்படுத்தி +4 என்று போட்டால் 11 என்று வந்துவிடும்.

முனை (2, 3). அச்சைத் தொட 3 அலகு இறங்க வேண்டும். −1 × d² = −3, d = √3. 1.73² = 2.9929, ஆகவே √3 கிட்டத்தட்ட 1.73. மூலங்கள் 2 − √3, 2 + √3, வரைவதற்கு 0.27, 3.73 என்று குறித்தால் போதும். புள்ளியைத் தசமத்தில் வையுங்கள், பெயரை வர்க்கமூலத்தோடு எழுதுங்கள். y அச்சை −1-இல் வெட்டும். இணைப் புள்ளி (4, −1).

இப்போது c-ஐ மட்டும் மாற்றிப் பாருங்கள். y = −x² + 4x − 4 என்று ஆக்கினால் a-யும் b-யும் அப்படியே இருப்பதால் சமச்சீர் அச்சு x = 2 மாறவில்லை; வளைவரை முழுவதும் 3 அலகு கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். முனை (2, 0). அச்சை வெட்டாமல் ஒரே புள்ளியில் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, இரண்டு மூலங்களும் 2 ஆகவே இருக்கின்றன. இன்னும் 3 இறக்கி y = −x² + 4x − 7 ஆக்கினால் முனை (2, −3). கீழ்நோக்கித் திறக்கும் வளைவரையின் உச்சியே அச்சுக்குக் கீழே போய்விட்டது. இனி அது அச்சைத் தொட வழியில்லை. b² − 4ac = 16 − 28 = −12, குறையெண்; மெய் மூலங்கள் இல்லை என்று தன்மைகாட்டி சொல்வதும் இதைத்தான்.

மெய் மூலங்கள் இல்லை என்றதும் வரைய முடியாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. முனை (2, −3), y அச்சில் (0, −7), இணைப் புள்ளி (4, −7) ஆகிய மூன்றும் இருக்கின்றன. d = 1-க்கு 1 அலகு இறங்கும் என்பதால் (1, −4), (3, −4) என்று இன்னும் இரண்டு. ஐந்து புள்ளிகள், வளைவரை தயார். விதியைப் பிரதியிட்டுச் சரிபார்க்கலாம்: x = 1 என்றால் −1 + 4 − 7 = −4.

சமன்பாட்டைச் சுருக்கிவிட்டு வரைந்தால்

இந்தத் தவறை இங்கே தனியாக எடுத்துச் சொல்லக் காரணம், இதில் படம் உள்ளுக்குள் ஒத்துப்போய்விடும். தவறு வெளியே தெரியாது. y = 2x² − 8x + 6 என்று வைத்துக்கொள்வோம். மூலங்களைக் காண 2x² − 8x + 6 = 0 என்று எழுதி, இருபுறமும் 2-ஆல் வகுத்து x² − 4x + 3 = 0 என்று ஆக்குவது சரிதான்; மூலங்கள் 1, 3. பிறகு முனைக்கும் அதே சுருக்கிய வடிவத்தைப் பயன்படுத்தினால் 4 − 8 + 3 = −1 என்று வரும். உண்மையான முனையோ 8 − 16 + 6 = −2. சமச்சீர் அச்சு இரண்டிலும் x = 2. மூலங்களும் ஒன்றே. படம் மட்டும் பாதி ஆழத்தில் நிற்கும்.

கழித்தல் குறியை நீக்கும்போதும் இதே நிலை. −x² + 4x − 1 = 0 என்பதை −1-ஆல் பெருக்கி x² − 4x + 1 = 0 என்று தீர்த்தால் மூலங்கள் மாறுவதில்லை. அதே வடிவத்தை வைத்து வரைந்தால் வளைவரை தலைகீழாகி, முனை (2, −3)-க்குப் போய்விடும். மூலங்களின் நடுப்புள்ளியைச் சோதித்தாலும் சரியாகவே காட்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே சரி.

0 = என்று இருக்கும் சமன்பாட்டைப் பூச்சியமல்லாத ஓர் எண்ணால் வகுக்கலாம், ஏனெனில் பூச்சியத்தை அப்படி எந்த எண்ணால் வகுத்தாலும் பூச்சியம். y = என்று இருக்கும் சமன்பாட்டில் அப்படிச் செய்தால் y-உம் மாறிவிடுகிறது. ஆகவே சுருக்கிய வடிவத்தை மூலங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, தாளில் ஒரு பெட்டி போட்டு அதற்குள்ளேயே முடித்துவிடுங்கள். இந்தப் பிழையைக் காட்டிக்கொடுப்பது y அச்சை வெட்டும் புள்ளி. வரைந்து முடித்ததும், கொடுத்த சமன்பாட்டின் c-ஐப் படத்தோடு ஒப்பிடுங்கள். மேலே உள்ள முதல் எடுத்துக்காட்டில் 6-இல் வெட்ட வேண்டியது 3-இல் வெட்டும். இரண்டாவதில் −1-க்குப் பதில் +1-இல் வெட்டும்.

வேறு வடிவத்தில் கொடுத்தால்

y = (x + 2)(x − 6) என்று காரணிகளாகவே கொடுத்திருந்தால் விரித்து எழுத வேண்டாம். மூலங்கள் −2, 6; நடுவில் x = 2 சமச்சீர் அச்சு; அங்கே y = 4 × (−4) = −16. y அச்சில் 2 × (−6) = −12.

y = 2(x + 1)² − 18 என்று கொடுத்திருந்தால் முனையைப் பார்த்ததும் எழுதலாம்: (−1, −18). அடைப்புக்குறிக்குள் +1 இருக்கும்போது x = −1 ஆவது ஏன் என்று குழம்பினால், அடைப்புக்குறி எப்போது பூச்சியமாகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே மிகத் தாழ்ந்த y அங்கேதான் கிடைக்கும். மூலங்களுக்கு 2(x + 1)² = 18, (x + 1)² = 9, x + 1 = ±3. ± குறியை விட்டுவிட்டால் 2 என்ற ஒரு மூலம் மட்டும் கிடைக்கும். −4 காணாமல் போகும். இங்கே y அச்சை வெட்டும் இடம் −18 அல்ல. x = 0 என்று பிரதியிட்டால் 2 × 1 − 18 = −16.

முனையும் y அச்சை வெட்டும் புள்ளியும் இவ்வளவு நெருக்கமாக வந்தால், −18-ஐயும் −16-ஐயும் தாளில் பிரித்துக் காட்டும்படி அளவுத்திட்டம் இருக்க வேண்டும். y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்தால் இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி கிடைக்கும், 1 செ.மீ. = 10 அலகு என்று எடுத்தால் 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், முனை தட்டையான கோடாகத் தெரியும்.